மாற்றுத்திறனாளி வாரிசின் பங்கும் விடுதலைப் பத்திரமும்: தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தந்தை இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வீட்டுத் திண்ணையில் ஒரு பேச்சு எழும். "அதுக்கு யார் இருக்கா, அதுக்கு எதுக்குச் சொத்து? நாங்க பார்த்துக்க மாட்டோமா?" என்று உடன்பிறந்தவர்களில் ஒருவர் சொல்வார், பெரியவர்கள் தலையசைப்பார்கள், தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் ஒரு விடுதலைப் பத்திரம் அடுத்த வாரமே பத்திர எழுத்தரிடம் தயாராகிவிடும். மாற்றுத்திறனாளியான மகனோ மகளோ தன் பங்கை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. சட்டம் அவர்களுடைய பங்கைப் பறிப்பதில்லை, அவர்களே கையெழுத்திட்டுக் கொடுக்கும்படி வைக்கப்படுகிறார்கள். ஆகையால் இந்தக் கட்டுரை அந்த ஒரு கையெழுத்தைச் சுற்றியே அமைகிறது. அதற்கு முன் என்ன செய்ய வேண்டும், கையெழுத்திடும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும், ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் எவ்வளவு காலத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்கிறேன். பெயரும் விவரமும் கற்பனை என்றாலும் சட்ட உதவி மையத்தின் மேசைக்கு வரும் வழக்குகளின் சாயல் இதுதான். வள்ளிக்கு 34 வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. காது கேளாதோர் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். வீட்டில் தையல் வேலை செய்கிறார், திருமணமாகவில்லை, தாயுடன் வசிக்கிறார். ஓர் அண்ணன், ஒரு தம்பி. தந்தை உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஓட்டு வீடும் 1 ஏக்கர் 20 சென்ட் நிலமும் இருக்கின்றன. வீடு 20 லட்சம் பெறும், நிலம் சென்ட் 30,000 ரூபாய் என்ற கணக்கில் 36 லட்சம் பெறும் என்று கொள்வோம்.

முதல் படி: பங்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள்

வள்ளியின் குடும்பம் இந்துக் குடும்பம் என்பதால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்து, உயில் இல்லாத நிலையில், முதல் வகுப்பு வாரிசுகளான மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகப் போகும். இறந்தவரின் தாயார் உயிருடன் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. வள்ளியின் பாட்டி முன்பே காலமாகிவிட்டதால், தாய், அண்ணன், வள்ளி, தம்பி என நான்கு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. மொத்த மதிப்பு 56 லட்சம், அதில் வள்ளியின் கால் பங்கு 14 லட்சம். நிலத்தை மட்டும் அளந்து பிரித்தால் அவருக்கு 30 சென்ட் வரும்.

இந்தப் பங்கு யாரும் கொடுத்து வருவதன்று. தந்தை இறந்த கணத்திலேயே அது வள்ளியின் உடைமையாகிவிட்டது. அண்ணன் அனுமதிக்க வேண்டியதில்லை, ஊர்ப் பஞ்சாயத்து ஒப்ப வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 28-ஆவது பிரிவு, நோயோ உடற்குறையோ ஊனமோ காரணமாக எவரும் வாரிசுரிமையை இழக்கமாட்டார் என்று நேரடியாகவே சொல்கிறது. "வாய் பேசாதவங்களுக்குப் பங்கு கிடையாது" என்று கிராமத்துப் பெரியவர் யாராவது சொன்னால் அவர் பொய் சொல்வதாக எண்ண வேண்டாம், அவர் மிகப் பழைய சட்டத்தைச் சொல்கிறார். பிறவிக் குருடு, பிறவிச் செவிடு, பிறவி ஊமை ஆகியோரைப் பழைய இந்துச் சட்டம் உண்மையிலேயே விலக்கி வைத்திருந்தது. 1928-இல் வந்த ஒரு சட்டம் அந்த விலக்கைப் பெரும்பாலும் நீக்கியது, ஆனால் பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவர்களையும் சித்தசுவாதீனம் அற்றவர்களையும் அப்படியே வெளியே நிறுத்தியது. மிச்சமிருந்த அந்தத் தடையையும் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது.

சொத்து தாத்தாவழி வந்த பூர்விகச் சொத்தாக இருந்தால் கணக்கு வேறு விதமாகப் போகும். 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பிறகு மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி என்பதாலும், தந்தை அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த தேதியில் உயிருடன் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் மாதம் தீர்ப்பளித்துவிட்டதாலும், மகளின் பங்கு மகனுடையதைவிடக் குறையாது. கிறித்தவக் குடும்பமாயின் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிம் குடும்பமாயின் ஷரீஅத் சட்டம் என்று பங்கின் அளவு மாறும். எந்தச் சட்டத்திலும் மாற்றுத்திறன் என்பது பங்கைத் தடுக்கும் காரணமாகாது.

இரண்டாம் படி: பெயர் ஏடுகளில் இருக்கிறதா என்று பாருங்கள்

பங்கு உங்களுடையதாக இருப்பது ஒன்று, அது ஏட்டில் தெரிவது இன்னொன்று. வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழில்தான் முதல் தவறு நுழைகிறது. விண்ணப்பத்தை அண்ணன் இ-சேவை மையத்தில் பதிகிறார், கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வருகிறார், வீட்டில் இருப்பவர்களில் யார் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்கிறார். பேச முடியாத பெண் அடுப்படியிலேயே இருந்துவிடுகிறார். சான்றிதழ் வரும்போது அதில் மூன்று பெயர்கள் மட்டுமே இருக்கும்.

எனவே சான்றிதழின் நகலைக் கையில் வாங்கி, தாய், மகன்கள், மகள் அனைவரின் பெயரும் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால், பிறப்புச் சான்று அல்லது பள்ளி மாற்றுச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களுடன் வட்டாட்சியருக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அங்கே தீரவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். சான்றிதழில் பெயர் இல்லாததால் மட்டும் வள்ளியின் பங்கு போய்விடாது. ஆனால் அந்த மூன்று பெயர்களை வைத்துக்கொண்டு மற்றவர்கள் பட்டாவை மாற்றுவதும், வெளியாள் ஒருவருக்கு விற்பதும் எளிதாகிவிடும். பின்னால் நீதிமன்றத்தில் ஐந்தாண்டு நடப்பதைவிட முன்னால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஐந்து முறை நடப்பது மேல்.

அடுத்து இரண்டு ஏடுகளைப் பாருங்கள். வில்லங்கச் சான்றை `tnreginet.gov.in` தளத்தில் சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். தந்தை இறந்த தேதிக்குப் பிறகு அந்தச் சொத்தின் மீது ஏதேனும் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பது அதில் தெரியும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை `eservices.tn.gov.in` தளத்தில் பார்க்கலாம். தந்தையின் பெயர் நீங்கி, நான்கு வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாறியிருந்தால் நல்லது. அண்ணன் பெயரில் மட்டும் மாறியிருந்தாலும் திகைக்க வேண்டாம். பட்டா வருவாய்த்துறையின் ஏடு, அது உரிமை மூலம் ஆகாது. ஆனால் அந்த மாற்றம், யாரோ வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு அடையாளம்.

மூன்றாம் படி: கையெழுத்திடத் தகுதி யாருக்கு உண்டு என்று தெளிவாகுங்கள்

பலரும் குழம்புகிற இடம் இதுதான், ஏமாற்றுபவர்கள் பயன்படுத்துகிற இடமும் இதுவே. ஆகையால் சற்று நின்று பார்க்கலாம்.

கால் நடக்க முடியாதவர், பார்வையற்றவர், காது கேளாதவர் ஆகியோர் முழுத் தகுதி உடையவர்கள். அவர்களுக்குப் பாதுகாவலர் யாரும் தேவையில்லை, அவர்கள் சார்பில் வேறு எவரும் கையெழுத்திடவும் முடியாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, மற்றவர்களுக்குச் சமமாகச் சொத்தை உடைமையாகக் கொள்ளவும் வாரிசாகப் பெறவும் தம் பணவிவகாரங்களைத் தாமே நடத்தவும் அவர்களுக்கு உள்ள உரிமையைச் சொல்கிறது. "உன்னால் அலுவலகம் வர முடியாது, அதனால் எனக்குப் பவர் எழுதிக் கொடு" என்று கேட்பது வழக்கமான ஒரு தந்திரம். உடல்நிலை காரணமாக வர இயலாதவரின் வீட்டுக்கே பதிவு அலுவலர் வந்து பதிவுசெய்யப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. எனவே நடக்க முடியாமை, பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கக் காரணமாகாது.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளில் உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் தனி வழி வகுத்திருக்கிறது. மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட உள்ளூர் அளவிலான குழு, தேவை இருந்தால் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். அப்படி நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் அந்த நபரின் சொத்துப் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். சொத்தைக் கையாடினால் அவரை நீக்கவும் முடியும். நடைமுறையில் இந்தப் பட்டியலையும் கணக்கையும் யாரும் கேட்காமலே விட்டுவிடுவதுண்டு. ஆகவே குடும்பத்தில் அக்கறையுள்ள இன்னொருவர், அத்தையோ சித்தப்பாவோ, அவற்றின் நகலை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி வைத்திருப்பது பெரிய காவல்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பாதுகாவலர் சான்றிதழ் என்பது பராமரிப்பதற்கும் சொத்தைக் காப்பதற்கும் தரப்படுவது, பங்கை விட்டுக்கொடுப்பதற்கான அனுமதிச் சீட்டு அன்று. பாதுகாவலராக நியமனமான அண்ணனே, தம்பியின் சார்பில் எழுதிக் கொடுப்பவராகவும், தனக்காக எழுதி வாங்குபவராகவும் ஒரே பத்திரத்தில் இரண்டு இடத்தில் கையெழுத்திட்டிருந்தால், அந்தப் பத்திரத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள். அசையாச் சொத்தை விற்கவோ பிரிக்கவோ உண்மையான தேவை வந்தால் நீதிமன்ற அனுமதியுடன் செய்வதே பாதுகாப்பான வழி.

மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் விஷயம் வேறு. மனநோய் என்று மருத்துவர் எழுதிவிட்டதாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார், தகுதியுள்ள நீதிமன்றம் அப்படி அறிவித்தால்தான் ஆவார் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. மருத்துவமனைச் சீட்டைக் காட்டி "இவருக்குப் பங்கு கேட்கத் தகுதி இல்லை" என்பவருக்கு இதுவே பதில். இதில் ஒரு முரணை அடிக்கடி காணலாம். பங்கு கேட்கும்போது "மனநிலை சரியில்லாதவன்" எனப்படுபவர், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் நாளில் மட்டும் "முழு நினைவுடனும் நல்ல புத்தியுடனும்" எழுதிக் கொடுப்பவர் ஆகிவிடுவார்.

நான்காம் படி: நீட்டப்படும் தாள் என்னவென்று கண்டுகொள்ளுங்கள்

வள்ளியிடம் அண்ணன் ஒரு தாளைக் காட்டி, "அப்பா பேரில் இருக்கும் பட்டாவை மாற்ற எல்லோரும் கையெழுத்துப் போடணும்" என்று சைகையில் சொல்கிறார். வள்ளி அண்ணனை நம்புகிறார், தலையசைக்கிறார். தாளின் மேல் பகுதியில் பச்சை நிறத்தில் முத்திரைத் தாளின் மதிப்பு இருக்கிறது, அதன் கீழே "விடுதலைப் பத்திரம்" என்ற தலைப்பு இருக்கிறது, உள்ளே நீண்ட ஒரே வாக்கியத்தில் "எனக்குள்ள பிரிவுபடாத கால் பாக பாத்தியதையை மனப்பூர்வமாக விடுதலை செய்து கொடுத்து, இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் இல்லை" என்று எழுதியிருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை படித்த ஒருவருக்குக்கூட, பாத்தியதை என்றால் என்னவென்று தெரியாவிட்டால், அந்த வாக்கியம் பிடிபடாது. சைகை மொழியிலேயே சிந்தித்து வளர்ந்தவருக்கு அது இன்னும் எட்டாது.

பட்டா மாற்றத்துக்கு முத்திரைத் தாளில் கையெழுத்து வேண்டியதில்லை, பதிவு அலுவலகத்துக்குப் போகவும் வேண்டியதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை வீட்டிலுள்ள மாற்றுத்திறனாளிக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். முத்திரைத் தாள், பதிவு அலுவலகக் கேமரா, கைரேகைக் கருவி ஆகிய மூன்றும் வந்தால், சொத்து கை மாறுகிறது என்று பொருள். உதவித்தொகைக்கோ வங்கிக் கணக்குக்கோ இவை மூன்றும் சேர்ந்து தேவைப்படாது. எதுவும் எழுதாத முத்திரைத் தாளிலோ வெள்ளைத் தாளிலோ கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவே கூடாது.

பதிவாகாத விடுதலைப் பத்திரத்தால் அசையாச் சொத்தின் பங்கு மாறாது. அதனால்தான் ஏமாற்றுபவருக்கும் பதிவு அலுவலகம் தவிர்க்க முடியாத இடமாகிறது, காப்பவருக்கும் கடைசி வாய்ப்பு அங்கேதான் கிடைக்கிறது.

ஐந்தாம் படி: பதிவு நாளில் கவனிக்க வேண்டியவை

உண்மையாகவே ஒரு பத்திரம் எழுத வேண்டியிருந்தால், வரைவின் நகலைக் குறைந்தது ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். வரைவைக் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவர், மற்றவர்களின் வழக்கறிஞர் அல்லாத ஒருவர், மாற்றுத்திறனாளியுடன் தனியே உட்கார்ந்து விளக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது. உதவி செய்பவருக்கும் உதவி பெறுபவருக்கும் ஒரு சொத்து விவகாரத்தில் நலன் மோதினால், அந்த விவகாரத்தில் உதவி செய்பவர் விலகி நிற்க வேண்டும். உறவினர் என்பதாலேயே நலன் மோதுவதாகக் கொள்ளக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் பத்திரத்தின் பலனை அடையப்போகிறவரே சைகை மொழிபெயர்ப்பாளராக நின்றால் அது தெளிவான மோதல். எனவே வள்ளிக்கு அண்ணனும் அண்ணியும் மொழிபெயர்க்கக் கூடாது, பள்ளி ஆசிரியரோ பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளரோ வர வேண்டும். பார்வையற்றவர் என்றால், பலன் பெறாத ஒருவர் பத்திரம் முழுவதையும் படித்துக் காட்ட வேண்டும், படித்துக் காட்டியவர் யார் என்பதும் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும்.

விளக்கிவிட்டோம் என்பதற்குத் தலையசைப்பைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். காது கேளாதவர்கள் பலர், புரியாதபோதும் எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்தாமலிருக்கத் தலையசைத்துப் பழகியிருப்பார்கள். ஆமாம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்காமல், "இதில் கையெழுத்துப் போட்ட பிறகு வீடு யாருடையது? நிலத்தில் உனக்கு எத்தனை சென்ட் மிஞ்சும்? பதிலுக்கு உனக்கு எவ்வளவு பணம், எந்தக் கணக்கில் வரும்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியவில்லை என்றால் அன்றைக்குப் பதிவு வேண்டாம்.

சார்பதிவாளர் எழுதிக் கொடுப்பவரிடம் சம்மதத்தைக் கேட்பார். அந்தக் கணத்தில் "இல்லை, எனக்குச் சம்மதமில்லை" என்று சொல்ல, எழுதிக் காட்ட, கைகாட்ட உரிமை உண்டு. எழுதிக் கொடுப்பவர் மறுத்தால் பதிவு நடக்காது. மனவளர்ச்சி குன்றியவராகவோ சித்தசுவாதீனம் இல்லாதவராகவோ தோன்றினாலும் பதிவு அலுவலர் மறுக்க வேண்டும் என்று பதிவுச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு சொல்கிறது. கூட்டம் நெரிகிற முகூர்த்த நாளில் இதற்கெல்லாம் யாருக்கும் நேரமிருப்பதில்லை என்பதை நானும் அறிவேன். அதனாலேயே, அழுத்தம் நடக்கிறது என்று முன்பே தெரிந்தால், சர்வே எண்ணையும் நபரின் நிலையையும் குறிப்பிட்டு சார்பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி வையுங்கள். அந்தக் கடிதம் பதிவைத் தடுத்தே தீரும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் பின்னாளில் நீதிமன்றத்தில் அது பேசும்.

"பார்த்துக்கொள்கிறோம்" என்ற வாக்குறுதி

எல்லா உடன்பிறந்தவர்களும் கெட்டவர்கள் அல்லர். இருபது ஆண்டு தூக்கிக் குளிப்பாட்டிய தங்கைகளையும், தன் சம்பளத்தில் அக்காவுக்கு மருந்து வாங்கும் தம்பிகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களும் சில நேரம், சொத்து ஒரே கையில் இருந்தால் பராமரிக்க வசதியாக இருக்கும் என்று நல்ல எண்ணத்திலேயே விடுதலைப் பத்திரம் கேட்கிறார்கள். இங்கே சிக்கல் எண்ணத்தில் இல்லை, பத்திரத்தின் தன்மையில் இருக்கிறது. விடுதலைப் பத்திரம் பதிவான பிறகு வள்ளியிடம் மிஞ்சுவது வாக்குறுதி மட்டுமே. அண்ணன் நாளை இறந்தால் அந்தச் சொத்து அண்ணியிடமும் அவர் பிள்ளைகளிடமும் போகும். வாக்குக் கொடுத்தவர் அவர்கள் அல்லர்.

"பார்க்காவிட்டால் சொத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே, சட்டம் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் நினைப்பது 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவை. பராமரிப்பு நிபந்தனையுடன் கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது தீர்ப்பாயம் மூலம் ரத்து செய்யும் வழி அதில் இருக்கிறது. ஆனால் அது 60 வயது நிரம்பிய மூத்த குடிமக்களுக்கானது. வள்ளியின் தாய்க்கு 60 வயது நிரம்பியிருந்தால் அந்த வழி உண்டு, 34 வயது வள்ளிக்கு இல்லை.

ஆகையால் நல்லெண்ணம் உள்ள குடும்பங்களுக்கு என் யோசனை, விடுதலைக்குப் பதில் பாகப்பிரிவினை. வள்ளியின் 30 சென்டைச் சர்வேயரை வைத்து அளந்து, நான்கு எல்லையும் எழுதி, தனிப் பட்டா வாங்கிவிடுங்கள். அந்த 30 சென்டை அண்ணனே குத்தகைக்கு உழட்டும், குத்தகைத் தொகை வள்ளியின் வங்கிக் கணக்கில் விழட்டும். வீட்டைப் பிரிக்க முடியாதென்றால், அதில் வள்ளி ஆயுள் முழுவதும் குடியிருக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதி, வீட்டில் அவருக்குரிய கால் பங்கின் மதிப்பான 5 லட்சத்தை வங்கி மூலம் கொடுத்து, அந்தப் பணப் பரிமாற்றத்தின் எண்ணையும் தேதியையும் பத்திரத்தில் குறிப்பிடலாம். பராமரிப்பு நிபந்தனை என்று ஒன்று இருந்தால் மாதம் எவ்வளவு, தவறினால் என்ன, அந்தக் கடமைக்கு எந்தச் சொத்து பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி எழுதத் தயங்குபவர் தயங்கும் காரணத்தை நீங்கள் யோசித்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டால்

முதலில் பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பதிவு அலுவலகத்தில் வாங்குங்கள். அதில் மூன்று விவரங்களைப் பாருங்கள்: பதிவான தேதி, பங்குக்கு ஈடாகப் பணம் தந்ததாக எழுதியிருக்கிறதா என்பது, சாட்சிகள் யார் என்பது. 14 லட்சம் பெறும் பங்குக்குப் பணமே தரப்படவில்லை என்றோ 50,000 ரூபாய் ரொக்கம் என்றோ இருந்து, சாட்சி இருவரும் அண்ணியின் உறவினராக இருந்தால் அதுவே வழக்கின் முதல் சாட்சியம்.

ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, ஒருவரின் மனத்தை ஆட்கொள்ளும் நிலையில் இருப்பவர் அந்த நிலையைப் பயன்படுத்தி அநியாயமான ஆதாயம் அடைவதைத் தகாத செல்வாக்கு என்கிறது. உண்ண, உறங்க, வெளியே போக ஒருவரை அண்டி வாழ்பவர், அவருக்கே தன் பங்கை எழுதிக் கொடுத்திருந்தால், அது நியாயமாகவே நடந்தது என்று காட்டும் சுமை எழுதி வாங்கியவர் மேல் விழும். அத்தகைய பத்திரத்தை நீதிமன்றம் மூலம் ரத்து செய்யலாம். உள்ளடக்கத்தையே புரிந்துகொள்ள இயலாத நிலையில் இருந்தவர் போட்ட கையெழுத்து, ஒப்பந்தமாகவே செல்லாது.

காலக்கெடுதான் எல்லாவற்றையும் கெடுப்பது. பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, அதற்கான உண்மைகள் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவருக்கு அந்த நிலை நீடிக்கும் வரை காலக்கெடு ஓடாது என்று காலவரையறைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு விலக்களிக்கிறது. காது கேளாமை, பார்வையின்மை, உடல் ஊனம் ஆகியவற்றுக்கு அந்த விலக்கு இல்லை. வள்ளிக்கு 3 ஆண்டு என்றால் 3 ஆண்டுதான். உறவு கெடக்கூடாதென்று தீபாவளிக்குத் தீபாவளி பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டே காலத்தைக் கடத்தியவர்கள் உண்டு, காலக்கெடு முடியட்டும் என்றே அந்தப் பேச்சை இழுத்தடித்தவர்களும் உண்டு.

வழக்குச் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், பேச முடியாதவர் நேரில் சென்று எழுதிக் கொடுக்கலாம். பத்திர ரத்து, பாகப்பிரிவினை, சொத்தை வெளியாளுக்கு விற்காமலிருக்க இடைக்காலத் தடை ஆகிய மூன்றையும் ஒரே வழக்கில் கேட்கச் சொல்லுங்கள். சம்மதிக்கும்வரை சோறு மறுப்பது, அறையில் பூட்டுவது, அடிப்பது என்று போனால் அது சொத்துத் தகராறு என்ற நிலையைத் தாண்டிவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவின்கீழ் நிர்வாகத் துறை நடுவரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவரை மீட்கவும் அவருக்குப் பாதுகாப்பு அளிக்கவும் அவர் உத்தரவிட முடியும்.

தாயின் பங்கை மறக்காதீர்கள்

வள்ளியின் பங்கு தப்பிய பிறகும் ஒரு வேலை மீதி இருக்கிறது. தாய்க்கு வந்த கால் பங்கு, அவர் உயில் எழுதாமல் காலமானால், மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும், அதே திண்ணையில் அதே பேச்சு மறுபடி எழும். தாய் அந்தப் பங்கைத் தன் விருப்பப்படி வள்ளிக்கு உயில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் தேவை, பலன் பெறுபவரைச் சாட்சியாக்க வேண்டாம். உயிலைப் பதிவுசெய்வது கட்டாயமில்லை என்றாலும், இந்த மாதிரிக் குடும்பங்களில் பதிவுசெய்துவிடுவதே நல்லது. உயிலை நிறைவேற்றுபவராக, சொத்தில் பங்கில்லாத ஒருவரை, தாய்மாமனையோ பழைய ஆசிரியரையோ, பெயர் சொல்லி நியமிக்கலாம். வள்ளியின் 30 சென்டுக்கும் தாயின் 30 சென்டுக்கும் வில்லங்கச் சான்றை ஆண்டுக்கு ஒருமுறை, தந்தையின் திதி வருகிற மாதத்தில், பார்த்து ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.